பயான் ஒலிப்பதிவுகளை எந்த முறையில் சேமிப்பது?



நம் சங்கத்தில் வாரந்தோறும் நடக்கும் பயானைப் பதிவு செய்து, ஈப்போவுக்கு வர இயலாத அன்பர்களுக்கு மெமரி கார்டில் ஏற்றிக் கொடுக்கும் வேலை என் கடையில்தான் நடந்து வருகிறது என்பதைப் பலரும் அறிவீர்கள். அண்மையில் இளைஞர் ஒருவர் என்னிடம், "நானா, இந்தக் காலத்தில் எம்.பி.3 எதற்கு? அதைவிடச் சிறியதும் தெளிவானதும் வந்துவிட்டதே" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடையில் நின்றுகொண்டு இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. ஆகையால் இவ்விதழில் விவரமாக எழுதுகிறேன். நான் ஓதியது மத்ரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் மட்டுமே. இதில் உள்ளவை தவறு செய்து, பிறகு விசாரித்து, திரும்பத் திரும்பச் சோதித்துக் கற்றுக்கொண்டவை.

முதலில் அந்தத் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

சுங்கை சிப்புட் பக்கம் முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது செம்பனையாக மாறிவிட்ட ஓர் இடத்தில், பழைய லயத்து வீட்டிலேயே இன்னும் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் மாதம் ஒரு முறை கடைக்கு வருவார். அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைத்தொலைபேசி. 2016-ம் ஆண்டில் அவர் கார்டில் இடம் போதவில்லை என்றார். அக்காலத்தில் நம் ஹஜ்ரத் ஒருவர் சிறிய சூராக்களுக்கு வாரம் ஒன்றாக விளக்கம் சொல்லி வந்தார்கள். நான் அந்தப் பயான்களையெல்லாம் ஏ.எம்.ஆர். என்னும் முறைக்கு மாற்றினேன். ஐம்பது நிமிடப் பயான் ஒன்று ஐந்து மெகாபைட்டுக்குள் அடங்கியது. பெரியவரின் தொலைபேசியும் அதைத் தடையின்றி ஒலித்தது. இதைவிட வேறென்ன வேண்டும் என்று மகிழ்ந்தேன்.

சில மாதங்கள் கழித்து அவர் தம் பேத்தியையும் அழைத்து வந்தார். ஏழு வயதுப் பெண். "தம்பி, கார்டில் கேட்டுக் கேட்டே புள்ளை ஃபலக் சூராவைப் பாடமாக்கிட்டா. நீங்களும் கேளுங்க" என்றார். பிள்ளை அழகாகத்தான் ஓதினாள். ஆனால் நான்காம் ஆயத்தில் "நஃப்ஃபாஸாத்" என்னும் சொல் வந்தபோது, 'ஸா' என்னும் எழுத்து வரவேண்டிய இடத்தில் 'ஃபா'வை வைத்து ஓதினாள். திருத்திச் சொன்னேன். அவள் தயங்கிவிட்டு, "ஹஜ்ரத் அப்படித்தானே சொல்றாங்க" என்றாள். அன்றிரவு அவர் கார்டில் இருந்த பதிவைக் காதில் மாட்டிக் கேட்டேன். பிள்ளை சொன்னது உண்மை. அப்பதிவில் ஹஜ்ரத் அவர்கள் அப்படித்தான் ஓதுவதுபோல் கேட்டது. ஹஜ்ரத் பிழையாக ஓதவில்லை. கோப்பைச் சுருக்குகிறேன் என்று நான்தான் அவர்களுடைய உச்சரிப்பையும் சேர்த்துச் சுருக்கியிருந்தேன்.

எழுத்து எங்கே தொலைந்தது?

இதன் காரணத்தை விளங்கிக்கொண்டால் மற்றவை எளிது. நாம் தமிழில் எழுதும்போது ஹதீஸ், ஸலாம், ஸபர் என்று மூன்றிலும் ஒரே 'ஸ'வைத்தான் எழுதுகிறோம். அரபியில் இவை ஸா, ஸீன், ஸாத் என மூன்று வேறு எழுத்துக்கள். ஆகவே தமிழ் எழுத்தை மட்டும் பார்த்து ஓதுகிற ஒருவருக்கு வேறுபாட்டைச் சொல்லித் தருவது காது ஒன்றுதான்.

இவற்றில் ஸாதைக் கண்டுகொள்வது எளிது. அதையடுத்து வரும் உயிரோசை கனத்து ஒலிப்பதால், மட்டமான பதிவிலும் அது தப்பிப் பிழைக்கும். ஆனால் ஸீன், ஸா, ஃபா ஆகிய மூன்றும் காற்றுச் சீறும் ஓசைகள். ஸீனுடைய சீற்றத்தின் பெரும்பகுதி விநாடிக்கு நாலாயிரம் அதிர்வுகளுக்கு மேலே இருக்கிறது. ஸாவும் ஃபாவும் மெலிந்த ஓசைகள். ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறியும் குறிப்புகளில் பெரும்பாலானவை அந்த உயர்ந்த பகுதியில்தான் இருக்கின்றன.

ஏ.எம்.ஆர். என்பது கைத்தொலைபேசியில் இருவர் உரையாடுவதற்காக 1999-ம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. அது ஓசையை விநாடிக்கு 8,000 முறை அளந்து குறித்துக்கொள்கிறது. இப்படி அளக்கும் முறைகளுக்கெல்லாம் ஒரு நியதி உண்டு. எத்தனை முறை அளக்கிறோமோ, அதில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வுகளைப் பதிய முடியாது. எனவே 8,000 முறை அளந்தால் 4,000 வரைதான் மிஞ்சும். தொலைபேசி வழக்கப்படி உண்மையில் 3,400 அளவிலேயே அது நின்றுவிடும். 'நல்லா இருக்கீங்களா?' என்று விசாரிப்பதற்கு அது தாராளமாகப் போதும். தொலைபேசியில் புதிய பெயர் ஒன்றைச் சொல்லும்போது 'ஸ'வா 'ஃப'வா என்று எதிர்முனையில் திரும்பக் கேட்பதை நாம் அறிவோமல்லவா? அதே குறைதான் அந்தப் பதிவிலும் இருந்தது. உரையாடலில் திரும்பக் கேட்கலாம். கார்டிடம் கேட்க முடியாது.

ஆகவே நமக்கு முதல் விதி கிடைத்துவிட்டது. ஆயத்து ஓதப்படும் எந்தப் பயானையும் விநாடிக்கு 8,000 முறை அளக்கும் முறையில் சேமிக்கலாகாது. 22,050 முறை அளந்தால் சுமார் 11,000 அதிர்வு வரை இடமிருக்கிறது. பேச்சுக்கும் ஓதலுக்கும் அது போதுமானது. இசைத்தட்டுக்குப் பயன்படும் 44,100 என்னும் அளவு நமக்குத் தேவையில்லை.

கோப்பின் அளவை எப்படிக் கணக்கிடுவது?

அடுத்தது கோப்பின் பருமன். இதில் ஒரே ஒரு கணக்குத்தான் உண்டு. ஒரு விநாடிப் பேச்சுக்கு எத்தனை கிலோபிட் செலவிடுகிறோம் என்பதே கோப்பின் அளவைத் தீர்மானிக்கிறது. அந்த எண்ணை 0.45-ஆல் பெருக்கினால், ஒரு மணி நேரப் பயான் எத்தனை மெகாபைட் என்பது வந்துவிடும். 128 கிலோபிட் என்றால் மணிக்கு 57.6 மெகாபைட். 48 கிலோபிட் என்றால் 21.6 மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், மணிக்கு 3,600 விநாடி. இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் இந்த 0.45 வரும்.

நம் ஐம்பது நிமிடப் பயானுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். சுருக்காமல் அப்படியே வைக்கும் வேவ் முறையில், இரண்டு தடத்தில், இசைத்தட்டின் தரத்தில் பதிந்தால் அது 529 மெகாபைட். இரண்டு ஜிகாபைட் கார்டில் மூன்று பயான்தான் கொள்ளும். 128 கிலோபிட்டில் 48 மெகாபைட், 64-இல் 24, 48-இல் 18, 32-இல் 12 மெகாபைட் ஆகும். 48 கிலோபிட்டை எடுத்துக்கொண்டால் அதே இரண்டு ஜிகாபைட் கார்டில் நூறு பயான்கள் அடங்கும். வாரம் ஒன்று வீதம் ஏறக்குறைய இரண்டு வருடத்துப் பயான்கள் அவை.

'கார்டு எதற்கு, வலையிலிருந்தே இறக்கிக்கொள்ளலாமே' என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டில் 3ஜி சேவை 2021-ம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டதை நினைவுகூருங்கள். 4ஜி இல்லாத பழைய தொலைபேசிகள் அப்போது 2ஜி-க்கு இறங்கிவிட்டன. 2ஜி-யில் விநாடிக்கு 100 கிலோபிட் தடையின்றி வருவதாக வைத்துக்கொண்டாலும், 18 மெகாபைட்டை இறக்க 24 நிமிடம் பிடிக்கும். 48 மெகாபைட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். தோட்டத்து உட்புறங்களில் அந்த 100-ஐயும் நம்ப முடியாது. எனவே அவ்வன்பர்களுக்கு இன்றும் கார்டே சௌகரியம்.

புதிய முறை ஏன் கைகொடுக்கவில்லை?

இப்போது அந்த இளைஞர் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அவர் குறிப்பிட்டது ஓபஸ் என்னும் முறை. 2012-ம் ஆண்டில் பொதுத் தரமாக வெளியிடப்பட்ட இது, உரிமத் தொகை எதுவும் இல்லாமல் எவரும் பயன்படுத்தக்கூடியது. வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் குரல் பதிவுகள் இம்முறையில்தான் சேமிக்கப்படுகின்றன. அதன் தரத்தைப் பற்றி இளைஞர் சொன்னது முழுக்க உண்மை. 24 கிலோபிட்டில் ஓபஸ் தரும் பேச்சின் தெளிவை எம்.பி.3 அதே அளவில் தர இயலாது. நம் ஐம்பது நிமிடப் பயான் அதில் ஒன்பது மெகாபைட்தான்; ஸீனும் ஸாவும் பழுதில்லாமல் கேட்கும்.

ஆனால் கேட்பவர் கையில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டுமே. ஆண்ட்ராய்டு தொலைபேசிகளில் 2014-இல் வந்த 5.0 பதிப்பு முதற்கொண்டுதான் ஓபஸ் ஒலிக்கிறது. அதன் பிறகு வந்தவற்றிலும், கோப்பின் பெயர் `.opus` என்று முடிந்தால் தொலைபேசியின் பாட்டுப் பட்டியலில் அது காட்டப்படாமல் போவதுண்டு. பொத்தான் தொலைபேசிகளோ பெரும்பாலும் அதை அறவே அறியா. நான் ஒரு முறை ஓபஸ் கோப்புகளைக் கார்டில் ஏற்றிப் பெரியவரிடம் கொடுத்தனுப்பினேன். இரண்டு பஸ் மாறி வீடு போய்ச் சேர்ந்தவர் மறுநாள் கூப்பிட்டு, "தம்பி, கார்டில் ஒண்ணுமே இல்லையே" என்றார். கோப்புகள் கார்டில் இருந்தன; அவருடைய தொலைபேசிக்குத்தான் அவை கண்ணில் படவில்லை. ஒன்பது மெகாபைட் மிச்சம் பிடிக்கப் போய், அவருக்கு ஒரு மாதப் பயான் இல்லாமல் போயிற்று.

அடுத்து, எம்.4.ஏ. என்று முடியும் கோப்புகள். இவற்றின் உள்ளே இருப்பது ஏ.ஏ.சி. என்னும் முறை. இன்றைய தொலைபேசிகள் பலவும் பயானைப் பதிவு செய்யும்போது இதைத்தான் உண்டாக்குகின்றன. தரமானது, பழைய தொலைபேசிகளில் பலவும் இதை ஒலிக்கும். ஆயினும் கொடுக்கும் பிரதிக்கு நான் இதைத் தேர்ந்தெடுக்காததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இதில் சிறு அளவுக்கென்று ஹெச்.இ. என்ற ஒரு வகை இருக்கிறது. அதை அறியாத பழைய சாதனம் கோப்பைத் திறக்கும். ஆனால் ஓசையின் கீழ்ப்பாதியை மட்டுமே ஒலிக்கும். போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டால் இதுதான் காரணமென்று அறியலாம். கோப்பு திறக்கிறதே என்று நாம் ஏமாந்துவிடுவோம். இரண்டாவது, எம்.4.ஏ. கோப்பைத் திறப்பதற்கான அட்டவணை பொதுவாகப் பதிவு முடிந்த பிறகே எழுதப்படுகிறது. பதிவின் நடுவே மின்கலம் தீர்ந்துவிட்டால் அதுவரை பதிந்ததும் பெரும்பாலும் திறக்காது. கார்டுக்கு நகல் எடுக்கும்போது பாதியில் பிடுங்கிவிட்டாலும் இதே கதிதான்.

எம்.பி.3 அப்படியன்று. அது சிறுசிறு துண்டுகளாக, ஒவ்வொரு துண்டும் தன் விவரத்தைத் தானே சுமந்துகொண்டு, தஸ்பீஹ் மணிகளைப்போல் வரிசையாக நிற்பது. பாதிக் கோப்பு கிடைத்தால் பாதிப் பயான் கேட்கும். 1993-ம் ஆண்டிலேயே தரமாக வெளியான முறையாகையால், பாட்டு ஒலிக்கும் எந்தப் பழைய தொலைபேசியும், காரில் உள்ள பெட்டியும், பென்டிரைவ் செருகும் வானொலியும் அதை அறியும். அதன்மீதிருந்த காப்புரிமைகள் காலாவதியாகி, 2017-ம் ஆண்டில் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் உரிமம் வழங்கும் திட்டத்தையும் முடித்துக்கொண்டது. ஓபஸைப்போல் இரு மடங்கு இடம் பிடிக்கிறது என்பதே அதன் குறை. 18 மெகாபைட் என்பது கார்டில் பெரிய பாரமன்று. ஆகவே அந்தக் குறையை ஏற்றுக்கொள்ளலாம்.

எண்களை எப்படி முடிவு செய்தேன்?

எம்.பி.3 என்று முடிவு செய்தால் மட்டும் போதாது. அதற்குள்ளும் நல்லது கெட்டது உண்டு. ஃபலக் சூராவின் பயானை வைத்தே சோதித்துப் பார்த்தேன். இப்போது சூராவை ஓதி விளக்கம் சொல்லும் உஸ்தாத் ஒருவரின் ஐம்பது நிமிடப் பதிவு அது. கைத்தொலைபேசியில் எம்.4.ஏ. ஆகப் பதிந்தது. அதில் ஆயத்துக்கள் ஓதப்படும் ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து, 24, 32, 48, 64 கிலோபிட் என நான்கு விதமாக மாற்றினேன். நான்கையும் பெரியவருடைய தொலைபேசியைப் போன்ற ஒரு பழைய தொலைபேசியில், முதலில் அதன் ஒலிபெருக்கியிலும் பிறகு காதுக்கருவியிலும் கேட்டேன்.

24 கிலோபிட்டில் ஸீன் வரும் இடமெல்லாம் தண்ணீர் கொதிப்பதுபோல் ஒரு சலசலப்பு உண்டாயிற்று. 32 கிலோபிட்டில் தமிழ் விளக்கம் தெளிவாகவே இருந்தது. ஆனால் மின்விசிறியின் இரைச்சலோடு சேர்ந்து 'நஃப்ஃபாஸாத்'தில் ஸா மறுபடியும் மங்கிற்று. 48 கிலோபிட்டில் ஃபாவும் ஸாவும் தனித்தனியே கேட்டன. 64-க்கும் 48-க்கும் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கடைக்கு வந்த இரண்டு பேரைக் கேட்கச் சொன்னேன், அவர்களும் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே 48 என்று நிறுத்திக்கொண்டேன்.

இந்த 48 போதுமாக இருப்பது ஒற்றைத் தடமாகப் பதிவதால்தான். பயானில் ஒருவர் பேசுகிறார். ஒரே ஒலிவாங்கி இருக்கிறது. அதை இடது வலது என்று இரண்டு தடமாக வைத்தால், அதே 48-ஐ இரண்டுக்கும் பங்கிட வேண்டி வரும். பாட்டுக் கச்சேரிக்குத்தான் இரண்டு தடம் வேண்டும்.

மின்விசிறியையும் மறந்துவிடக்கூடாது. சுருக்கும் கருவிக்கு உஸ்தாதின் பேச்சும் விசிறியின் இரைச்சலும் ஒன்றுதான். கொடுத்த கிலோபிட்டில் ஒரு பங்கை அது இரைச்சலுக்கும் செலவழித்துவிடும். ஆகையால் 100 அதிர்வுக்குக் கீழே உள்ள உறுமலை மாற்றுவதற்கு முன்பே நீக்கிவிடுகிறேன். ஆண் குரலுக்கு அதனால் குறிப்பிடத்தக்க நஷ்டம் இல்லை. விசிறியின் காற்றோசையை இப்படி நீக்க முடியாது. அதற்கு ஒரே வழி, விசிறிக்கு எதிரே ஒலிவாங்கியை வைக்காமலிருப்பதும், அதைப் பேசுபவரின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைப்பதும்தான்.

கணினியில் ffmpeg என்னும் இலவசக் கருவி இருந்தால், மேற்சொன்ன எல்லாவற்றையும் ஒரே வரியில் செய்துவிடலாம்:

```
ffmpeg -i falaq.m4a -af highpass=f=100 -ac 1 -ar 22050 -b:a 48k -id3v2_version 3 01_falaq.mp3
```

இதில் `highpass=f=100` என்பது உறுமலை நீக்குவது. `-ac 1` ஒற்றைத் தடம். `-ar 22050` விநாடிக்கு எத்தனை முறை அளப்பது என்பது. `-b:a 48k` என்பது 48 கிலோபிட். கடைசியில் உள்ள `-id3v2_version 3` கோப்பின் தலைப்பு விவரங்களைப் பழைய சாதனங்கள் படிக்கக்கூடிய முறையில் எழுதச் சொல்வது. கட்டளை எழுதத் தயங்குபவர்கள் ஆடாசிட்டியைப் பயன்படுத்தலாம். அதில் ஏற்றுமதி செய்யும்போது `Mono`, `22050 Hz`, `Constant`, `48 kbps` என்று தேர்ந்தெடுத்தால் ஏறக்குறைய இதே பலன் கிட்டும்.

`Constant` என்பதைக் கவனியுங்கள். பேச்சுக்குத் தக்கபடி கிலோபிட்டைக் கூட்டிக் குறைக்கும் வகை ஒன்றும் இருக்கிறது. இடம் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் பழைய தொலைபேசிகள் சில, முதல் துண்டின் அளவைப் பார்த்து மொத்த நேரத்தைக் கணக்கிடுகின்றன. ஐம்பது நிமிடப் பயானுக்கு இரண்டு மணி நேரம் என்று காட்டும். நேற்று விட்ட இடத்துக்குத் தள்ளிப் போனால் வேறு எங்கோ கொண்டுபோய் விடும். காட்டும் நேரம் தவறாக இருந்தால் இதுவே காரணமாக இருக்கக்கூடும். எப்போதும் ஒரே அளவாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அதேபோல, இடம் மிச்சமாகும் என்று 22,050-ஐ 11,025 ஆகவோ 8,000 ஆகவோ குறைக்க வேண்டாம். ஓசை குறுகிவிடும் என்பது மட்டுமல்ல. எம்.பி.3-இல் அந்தச் சிறிய அளவுகள் அசல் தரத்தில் இல்லாதவை; பின்னால் தனியாகச் சேர்க்கப்பட்டவை. பழைய சாதனங்கள் சில அவற்றை ஒலிக்க மறுத்துவிடும்.

கோப்புக்குப் பெயர் வைப்பதிலும் ஒரு சிறு எச்சரிக்கை. தமிழெழுத்து இல்லாத தொலைபேசியில் தமிழ்ப் பெயர்கள் வெறும் கட்டங்களாகத் தெரியும். ஆகவே `01_falaq.mp3`, `02_nas.mp3` என்று எண்ணோடு ஆங்கில எழுத்தில் வைக்கிறேன். எண் முன்னால் இருப்பதால் வரிசை குலையாது. பெரியவர்களுக்கு எண்ணைச் சொன்னாலே போதும்.

கேட்டுப் பார்க்கும் முறை

கார்டைக் கொடுக்கும் முன் அதைச் சோதிப்பது எப்படி? நமக்கெல்லாம் மனப்பாடமான இரண்டு சூராக்களே இதற்குப் போதும். ஃபலக் சூராவின் நான்காம் ஆயத்தில் ஃபாவும் ஸாவும் ஒரே சொல்லில் அடுத்தடுத்து வருகின்றன. ஐந்தாம் ஆயத்தில் ஸீன் இரண்டு முறை வருகிறது. நாஸ் சூராவில் ஆறு ஆயத்துக்களும் ஸீனிலேயே முடிகின்றன. ஐந்தாம் ஆயத்தில் ஸீன்களுக்கு நடுவே ஸாதும் வருகிறது. உஸ்தாத் அவர்கள் பயான் தொடங்குமுன் இவ்விரண்டையும் ஓதும்படி கேட்டுக்கொண்டால், ஒவ்வொரு பதிவிலும் ஒரு சோதனைப் பகுதி தானாகவே அமைந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எழுத்து எதுவென்று உங்கள் நினைவு சொல்லாமல் காது சொன்னால், பதிவு நன்றாக இருக்கிறது. நமக்குப் பாடமிருப்பதால் நினைவு இட்டு நிரப்பிவிடும். நான் 2016-இல் ஏமாந்ததும் அப்படித்தான். சந்தேகமிருந்தால் அசலையும் நகலையும் மாற்றி மாற்றிக் கேட்டால் விளங்கிவிடும். இச்சோதனையைப் பயானைக் கேட்கப் போகிறவருடைய தொலைபேசியிலேயே செய்ய வேண்டும். கணினியில் நன்றாகக் கேட்டதெல்லாம் அதில் கேட்குமென்று நம்பலாகாது.

கடைசியாக, மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயம். 2016-இல் ஏ.எம்.ஆர். ஆக மாற்றிய பிறகு, கணினியில் இடமில்லை என்று அசல் பதிவுகளை நான் அழித்துவிட்டேன். முப்பதுக்கு மேற்பட்ட பயான்கள். அந்தப் பிள்ளை ஓதியதைக் கேட்ட பிறகு அவற்றையெல்லாம் எம்.பி.3 ஆக மாற்றிப் பார்த்தேன். கோப்பு பெருத்ததே தவிர, ஓசை மீளவில்லை. ஒரு முறை வெட்டி எறியப்பட்ட அதிர்வுகளை எந்த முறையும் திருப்பிக் கொண்டுவராது. அந்த ஹஜ்ரத் அவர்கள் பின்னர் வஃபாத்தாகிவிட்டார்கள். அவர்களுடைய ஓதல் இன்று நம்மிடம் அந்தக் குறுகிய ஓசையில் மட்டுமே இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாடமாக அதைக் கொடுக்க முடியாமல், விளக்கத்தை மட்டும் கேளுங்கள் என்று சொல்லிக் கொடுத்து வருகிறேன்.

ஆகவே இப்போது நம் வழக்கம் இது. தொலைபேசியில் பதிந்த அசல் கோப்பு, எந்த முறையில் இருந்தாலும் அப்படியே, இரண்டு வேறு இடங்களில் வைக்கப்படுகிறது. அன்பர்களுக்குக் கொடுப்பது அதிலிருந்து நேராக எடுத்த எம்.பி.3 நகல்: ஒற்றைத் தடம், 22,050, ஒரே அளவான 48 கிலோபிட். நகலிலிருந்து மறுபடி நகல் எடுத்துச் சுருக்குவதில்லை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்ததை அசலாகக் கொள்வதுமில்லை. பழைய தொலைபேசிகள் எல்லாம் ஓய்ந்துபோய், எல்லார் கையிலும் ஓபஸ் ஒலிக்கும் காலம் வந்தால், அந்த அசலிலிருந்தே அதற்கும் மாற்றிக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டில் அந்த ஹஜ்ரத் அவர்களின் பயான் பழைய கார்டிலோ, ஒலிநாடாவிலோ, வேறெவருடைய தொலைபேசியிலோ இருக்குமானால், தயவு செய்து அதை நீங்களே மாற்றவோ சுருக்கவோ செய்யாமல் அப்படியே கடைக்குக் கொண்டு வாருங்கள். அதில் ஃபலக் சூராவின் நான்காம் ஆயத்து தெளிவாக இருந்தால், அந்தப் பேத்திக்கும் அவளைப்போன்ற பிள்ளைகளுக்கும் அதை அவர்கள் குரலிலேயே திருப்பிக் கொடுக்கலாம்.

வஸ்ஸலாம்.